ஒரு வரி தள்ளிப் பெருக்குங்கள்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெரிந்த பெரியவர் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பங்குச்சந்தையில் ஆர்வம் பிடித்து, எக்செல்லில் தானே ஒரு பேக்டெஸ்ட் போட்டிருந்தார். அதாவது, தன் வாங்கும் விதியைப் பழைய விலைகளின் மேல் ஓட்டிப் பார்த்து, அன்றைக்கு இப்படிச் செய்திருந்தால் இன்று எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் பார்ப்பது.

விதி எளிமையானது. நிஃப்டியின் குளோஸ், 20 நாள் சராசரிக்கு மேலே இருந்தால் கையில் வைத்திரு. கீழே போனால் விற்றுவிடு. பத்து வருட டேட்டா. போட்ட 1 லட்சம் அரைக் கோடியைத் தாண்டியிருந்தது. கோடு மாடிப்படி போல ஏறிக்கொண்டே போனது; 2020 மார்ச் சரிவு கூட அதில் ஒரு சின்னக் கீறலாகத்தான் தெரிந்தது.

"தம்பி, எங்கேயோ தப்பு இருக்கணும். எங்கேன்னுதான் தெரியல" என்றார். கணக்கு வாத்தியார் அல்லவா, விடை ரொம்ப நன்றாக வந்தால் சந்தேகப்படும் பழக்கம் விடவில்லை.

"சார், இந்த 21-வது வரியில எத்தனை மணிக்கு வாங்கினீங்க?"

"எத்தனை மணிக்கா? அன்னிக்குத்தான் வாங்கினேன்."

தப்பு அந்த 'அன்னிக்கு' என்ற சொல்லுக்குள் இருந்தது.

அவருடைய ஷீட்டை அப்படியே சொல்கிறேன். E பத்தியில் குளோஸ் விலை. F-ல் 20 நாள் சராசரி. G-ல் சிக்னல்: மேலே இருந்தால் 1, இல்லையென்றால் 0. H-ல் அன்றைய ஏற்ற இறக்கம். I-ல் லாபம்.

```
F21  =AVERAGE(E2:E21)
G21  =IF(E21>F21,1,0)
H21  =E21/E20-1
I21  =G21*H21
```

பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. சிக்னல் 1 என்றால் அன்றைய ஏற்ற இறக்கம் நம் கணக்கில் சேரும், 0 என்றால் சேராது. ஆனால் H21 எதை அளக்கிறது? நேற்றைய குளோஸிலிருந்து இன்றைய குளோஸ் வரை நடந்த மாற்றத்தை. அது முழுதாக நமக்குக் கிடைக்க வேண்டுமென்றால் நேற்று மாலை சந்தை மூடும்போதே நாம் வாங்கியிருக்க வேண்டும். G21 எப்போது தெரியும்? இன்றைய குளோஸ் வந்த பிறகு, மாலை 3.30-க்கு மேல். ஆக, இன்று மாலை பிறக்கப்போகும் சிக்னலை நம்பி நேற்று மாலையே வாங்கியதாக அந்த ஷீட் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. சந்தைக்காரர்கள் இதை லுக்அஹெட் பயஸ் என்பார்கள். அந்த நேரத்தில் தெரிந்திருக்கவே முடியாத தகவல், முடிவுக்குள் நுழைந்துவிடுவது.

இதைச் செய்கிறவர்கள் யாரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. எக்செல் வரிக்குள் நேரம் கிடையாது, அதுதான் சிக்கல். காலை 9.15-க்குத் தெரியும் ஓப்பன், நாளின் நடுவே எப்போதோ தொட்ட ஹை, லோ, மாலை 3.30-க்குப் பிறகு உறுதியாகும் குளோஸ் எல்லாம் ஒரே தேதியின் கீழ் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆறேகால் மணி நேரம் தட்டையாகி ஒரு வரியாகிவிட்டது. கண்ணுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் தெரிவதால், கைக்கும் எல்லாம் ஒரே சமயத்தில் கிடைத்ததாக மனசு எடுத்துக்கொள்கிறது.

சாருக்குப் புரிய வைக்க ஒரு தாளில் சின்ன எண்களாக எழுதினேன். 20 நாள் வேண்டாம், 3 நாள் சராசரி போதும். குளோஸ் விலைகள் இப்படி: திங்கள் 100, செவ்வாய் 98, புதன் 96, வியாழன் 103, வெள்ளி 102, அடுத்த திங்கள் 97.

புதனன்று சராசரி 98, விலை 96. கீழே இருக்கிறது, சிக்னல் இல்லை. வியாழனன்று சராசரி 99, விலை 103. சிக்னல் வந்துவிட்டது. வெள்ளியன்று சராசரி 100.33, விலை 102. சிக்னல் தொடர்கிறது. அடுத்த திங்களன்று சராசரி 100.67, விலை 97. சிக்னல் போய்விட்டது.

சாரின் முறைப்படி, சிக்னல் இருந்த நாட்கள் வியாழனும் வெள்ளியும். வியாழனன்று 96-லிருந்து 103, ஆக 7 ரூபாய் லாபம். வெள்ளியன்று 1 ரூபாய் நஷ்டம். திங்கள் நடந்த 5 ரூபாய் சரிவில் நாம் இல்லை. மொத்தம் 6 ரூபாய் லாபம்.

இப்போது கடிகாரத்தோடு பாருங்கள். வியாழன் சாயங்காலம்தான் சிக்னல் தெரிகிறது, 103-க்கு வாங்குகிறோம். வெள்ளி 102, ஒரு ரூபாய் போச்சு. சிக்னல் இன்னும் இருப்பதால் சனி ஞாயிறு கையில் வைத்திருக்கிறோம். திங்கள் 97-க்கு இறங்கிய பிறகுதான் விற்கச் சொல்கிறது. இன்னும் 5 ரூபாய் போச்சு. மொத்தம் 6 ரூபாய் நஷ்டம். அதே விலை, அதே விதி.

சார் வியாழக்கிழமையின் அந்த 7 ரூபாய் மேல் பென்சிலால் வட்டம் போட்டார். "இந்த ஏற்றம் வந்ததாலதானே சிக்னலே வந்துச்சு?"

அதேதான். விலை சராசரிக்குக் கீழிருந்து மேலே போக வேண்டுமென்றால் அன்றைக்குப் பெரும்பாலும் ஒரு நல்ல ஏற்றம் நடந்திருக்க வேண்டும். மேலிருந்து கீழே வர ஒரு சரிவு நடந்திருக்க வேண்டும். தப்பான கணக்கு, ஒவ்வொரு முறையும் சிக்னலைப் பெற்றெடுத்த ஏற்றத்தை லாபத்தில் எழுதிக்கொள்கிறது. சிக்னலைக் கொன்ற சரிவிலிருந்து நழுவிவிடுகிறது. சந்தை எப்படி நடந்தாலும் இந்த லாபம் வரும். சந்தையே இல்லாவிட்டாலும் வரும்.

கடைசியில் சொன்னதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். E பத்தியில் நிஃப்டி விலைகளை எடுத்துவிட்டு, E2-ல் 10000 என்று போட்டு, E3-லிருந்து 2500 வரிகளுக்கு இதை இழுத்துவிடுங்கள்.

```
E3   =E2*IF(RAND()<0.5,1.01,0.99)
```

நாணயம் சுண்டுவதுதான் இது. தலை விழுந்தால் 1% ஏற்றம், பூ விழுந்தால் 1% இறக்கம். இந்த விலையில் எந்தப் போக்கும் இல்லை, எந்த விதியாலும் இதில் சம்பாதிக்க முடியாது. ஆனால் சாரின் I பத்தியை இதன் மேல் ஓட்டினால், கையில் வைத்திருந்த ஒவ்வொரு 100 நாளிலும் சுமார் 66 நாள் ஏற்ற நாளாக வரும். கையில் வைத்திராத நாட்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.16%. வருடத்துக்கு 250 வணிக நாள் என்று வைத்தால் 40% அளவில். கூட்டிக்கொண்டே போனால் பத்து வருடத்தில் 1 லட்சம் ஏறத்தாழ 50 லட்சம் ஆகிறது. எல்லாம் காசு சுண்டியதில்! F9 அழுத்தி மறுபடி சுண்டுங்கள். விலைக்கோடு முற்றிலும் வேறாக மாறும். லாபக்கோடு மட்டும் அசராமல் மேலேயே போகும்.

சார் ஐந்தாறு தடவை F9 அழுத்தினார். தன் அரைக் கோடி எங்கிருந்து வந்தது என்று அப்போது அவருக்கு முழுதாகப் புரிந்துவிட்டது.

திருத்தம் ஒரே ஒரு எண்தான்.

```
I22  =G21*H22
```

நேற்றைய சிக்னலை இன்றைய ஏற்ற இறக்கத்தோடு பெருக்க வேண்டும். பைத்தானில் பாண்டாஸ் வைத்து எழுதுகிறவர்கள் இதையே `shift(1)` என்பார்கள். சிக்னல் பத்தியை மொத்தமாக ஒரு வரி கீழே தள்ளிவிடுவது.

```python
ret = df["close"].pct_change()
sma = df["close"].rolling(20).mean()
signal = (df["close"] > sma).astype(int)
pnl = signal.shift(1) * ret
```

காசு சுண்டிய ஷீட்டில் இந்தத் திருத்தத்தைப் போட்டதும் லாபம் பூஜ்யத்தைச் சுற்றி ஆடத் தொடங்கும். ஒரு F9-க்குக் கொஞ்சம் மேலே, அடுத்த F9-க்குக் கொஞ்சம் கீழே. அப்படித்தான் ஆட வேண்டும். எந்த ஸ்ட்ராட்டஜி எழுதினாலும் நான் முதலில் அதைக் காசு சுண்டிய விலையில் ஓட்டிவிட்டுத்தான் உண்மை விலைக்குப் போகிறேன். அங்கே திரும்பத் திரும்ப லாபம் வந்தால், நிஃப்டியில் வருவதைப் பார்க்கவே வேண்டியதில்லை.

இன்னொரு எளிய பரிசோதனையும் உண்டு. சிக்னலைத் தள்ளாமல் ஒரு தடவை, ஒரு வரி தள்ளி ஒரு தடவை, இரண்டு வரி தள்ளி ஒரு தடவை ஓட்டுங்கள். 20 நாள் சராசரி போன்ற மந்தமான விதிக்கு ஒரு நாள் தாமதம் உயிர் போகிற விஷயம் அல்ல. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வரக்கூடாது. தள்ளாததற்கும் ஒன்று தள்ளியதற்கும் நடுவே மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வந்தால், அந்த மலை முழுக்கக் கசிவுதான்.

ஒரு வரி தள்ளியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி முடிந்துவிட்டது உண்மை. ஆனால் `shift(1)` எதை அனுமானிக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. H22 என்பது 21-வது நாள் குளோஸிலிருந்து 22-வது நாள் குளோஸ் வரை. ஆக, 21-ம் நாள் குளோஸைப் பார்த்து முடிவெடுத்து, அதே குளோஸ் விலையில் வாங்கியும் விட்டோம் என்பது இதன் அனுமானம். பார்த்த கணத்திலேயே வாங்குவது.

நம் சந்தையில் இது கொஞ்சம் இடிக்கும். தேசிய பங்குச்சந்தையின் பழைய டேட்டாவில் ஒரு பங்கின் குளோஸ் என்று இருப்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை அல்ல. 3 மணி முதல் 3.30 வரை நடந்த வியாபாரங்களை அளவுக்கேற்ப எடைபோட்டு எடுத்த சராசரி. நிஃப்டியின் குளோஸும் அந்தப் பங்குகளின் குளோஸ் விலைகளிலிருந்தே கணக்கிடப்பட்டது. டெர்மினலில் 3.29-க்கு 412 என்று ஓடிய பங்கு, மறுநாள் டேட்டாவில் 409.60 என்று குளோஸ் ஆகியிருக்கலாம். அதாவது, அந்த எண் சந்தை மூடிய பிறகுதான் உறுதியானது. அதைப் பார்த்துவிட்டு அந்த விலையிலேயே வாங்க, குளோஸுக்குப் பிந்தைய அமர்வு ஒன்று உண்டு. ஆனால் அங்கே நடக்கும் வியாபாரம் சொற்பம். நீங்கள் கேட்ட அளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே கறாராகப் பார்க்கிறவர்கள் மறுநாள் ஓப்பனில் வாங்கியதாகக் கணக்கு வைக்கிறார்கள். மாலை சிக்னல், மறுநாள் 9.15-க்கு ஆர்டர். அப்படியானால் ஏற்ற இறக்கத்தையும் ஓப்பனிலிருந்து அடுத்த ஓப்பன் வரை அளக்க வேண்டும்.

```python
ret_oo = df["open"].shift(-1) / df["open"] - 1
pnl = signal.shift(1) * ret_oo
```

இங்கே `shift(-1)` என்று எதிர்கால விலையை மேலே இழுத்திருக்கிறோமே, இது தப்பில்லையா? இல்லை. அது முடிவின் பக்கம் இல்லை, விளைவின் பக்கம் இருக்கிறது. வாங்கியவனுக்கு நாளை என்ன ஆனது என்று அளக்க நாளைய விலை வேண்டும்தானே. வாங்கலாமா என்று தீர்மானிக்கும் பக்கத்தில் மட்டும் நாளை எட்டிப் பார்க்கக் கூடாது. கோடில் `shift(-1)` எங்கே தென்பட்டாலும், அது பெருக்கல் குறிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பேன்.

மூன்றாவது வழியும் சில பேர் செய்கிறார்கள். 3.20-க்கு ஓடும் விலையை வைத்து சிக்னலைக் கணக்கிட்டு, 3.30-க்குள் வாங்கிவிடுவது. நேர்மையான முறைதான். ஆனால் பேக்டெஸ்ட்டிலும் 3.20 விலையைத்தான் போட வேண்டும். தினசரி குளோஸை வைத்துச் சோதித்துவிட்டு 3.20-க்கு வாங்கினால், சராசரியை ஒட்டி விலை ஆடும் நாட்களில் பேக்டெஸ்ட் ஒன்று சொல்லும், உங்கள் கை ஒன்று செய்யும்.

ரெடிமேட் கருவிகளில் இந்தத் தள்ளல் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. பேக்டிரேடர் என்ற பைத்தான் நூலகம் ஒரு பார் முடிந்ததும் வரும் மார்க்கெட் ஆர்டரை அடுத்த பாரின் ஓப்பனில்தான் நிறைவேற்றும். அதே பாரின் குளோஸில் வேண்டுமென்றால் நீங்களாகவே ஒரு அமைப்பை மாற்ற வேண்டும்; அந்த அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயரே `cheat-on-close`. பெயர் வைத்தவருக்கு ஒரு சலாம். டிரேடிங்வியூவின் ஸ்ட்ராட்டஜிகளும் இயல்பாக அடுத்த பாரின் ஓப்பனில்தான் வாங்கும். இது தெரியாமல் சிக்னலையும் நாமே ஒரு வரி தள்ளினால் இரண்டு நாள் தாமதமாகிவிடும். லாபம் குறைத்துக் காட்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கம் தப்பு செய்தால் பணம் போகாது.

ஒரு வரி தள்ளியும் தீராத கசிவுகள் இருக்கின்றன. நிறுவனங்களின் லாப நஷ்டக் கணக்கு அதில் ஒன்று. மார்ச் 31-ல் முடியும் ஆண்டுக் கணக்கை வெளியிட நிறுவனங்களுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. டேட்டாவிலோ அந்த லாபம் மார்ச் 31 தேதியின் கீழ் உட்கார்ந்திருக்கும். ஏப்ரல் 1-ம் தேதி அதைப் பார்த்து வாங்கினேன் என்று பேக்டெஸ்ட் சொன்னால், மே கடைசியில் வந்திருக்கக்கூடிய ஒரு எண்ணை அது ஏப்ரலிலேயே படித்திருக்கிறது. ஒரு பார் தள்ளி என்ன பயன்? அறிவிப்பு வந்த தேதியை எடுத்து, அதற்குப் பிறகுதான் அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும்.

இந்த மாதிரிக் கசிவைப் பிடிக்க ஒரு வழி, ஷீட்டை நடுவில் வெட்டுவது. சிக்னல் பத்தியை வெறும் மதிப்புகளாக நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். பிறகு ஏதாவது ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, அந்த நாளில் உங்கள் கையில் இருந்திருக்க முடியாத எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். அந்தத் தேதி வரையிலான சிக்னல்கள் நகலோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று மாறினாலும், அது எதிர்காலத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: சாருடைய முதல் தப்பை இது பிடிக்காது. G21 தன் வரியிலும் அதற்கு மேலேயும் உள்ள விலைகளை மட்டும்தான் பார்த்தது, சிக்னலில் குற்றம் இல்லை, பெருக்கியதில்தான் குற்றம். அதற்குக் காசு சுண்டும் சோதனை வேண்டும்.

பத்து நாள் கழித்து சார் மறுபடி வந்தார். I பத்தி திருத்தப்பட்டிருந்தது. அரைக் கோடி கரைந்து, புரோக்கரேஜும் வரியும் கழித்த பிறகு, பேசாமல் நிஃப்டியை வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்ததைவிடக் குறைவாக நின்றது. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தார்: வார கேண்டிலும் ஏறுமுகமாக இருந்தால் மட்டும் வாங்குவது. கோடு மறுபடி மாடிப்படி ஏறியிருந்தது.

"ஒரு வரி தள்ளித்தான் போட்டேன், பாருங்க" என்று I பத்தியைக் காட்டினார். தள்ளித்தான் இருந்தது.

வார டேட்டாவைத் தனி ஷீட்டில் இறக்கி, `VLOOKUP` வைத்து ஒவ்வொரு நாளுக்கும் இழுத்திருந்தார். அந்த ஷீட்டைத் திறந்தேன். இறக்கிய இடத்தில் ஒவ்வொரு வாரத்துக்கும் அந்த வாரத்தின் திங்கட்கிழமை தேதியைப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த குளோஸோ வெள்ளிக்கிழமையுடையது. செவ்வாய்க்கிழமை தேதியைக் கொடுத்தால் `VLOOKUP` அதற்கு முந்தைய நெருங்கிய தேதியாகத் திங்களைக் கண்டுபிடித்து, வெள்ளி குளோஸை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. தினசரி சிக்னலை ஒரு வரி தள்ளினாலும் செவ்வாய் புதனாகும். வெள்ளி இன்னும் வரவில்லை. தள்ள வேண்டியது வார ஷீட்டில், இழுப்பதற்கு முன்னால். டிரேடிங்வியூவில் பெரிய கால அளவின் விலையை `barmerge.lookahead_on` போட்டு அஜாக்கிரதையாக இழுத்தாலும் இதே கதைதான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வார ஷீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை குளோஸை மட்டும் மாற்றி, 5000 புள்ளி குறைத்துப் போட்டேன். தினசரி ஷீட்டில் அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை சிக்னல் 1-லிருந்து 0 ஆனது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமைல கை வெச்சா செவ்வாய்க்கிழமை ஏன் தம்பி மாறுது?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் வார ஷீட்டில் குளோஸ் பத்தியை முழுதாகத் தேர்ந்தெடுத்து, ஒரு கட்டம் கீழே இழுக்கத் தொடங்கினார்.